நேரம் மிச்சம் என்றால் எத்தனை ரூபாய்? கடைக்கு மென்பொருள் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் அங்கே வந்து சரக்கு எடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு 60 பில், ஒரு பில் சராசரியாக 5,000 ரூபாய், வருஷத்துக்கு 300 வேலை நாள். அதாவது 9 கோடி ரூபாய் விற்பனை. காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை கடை வாசலில் நிற்க இடமிருக்காது.

அந்தக் கடைக்கு ஒரு மென்பொருள் நிறுவனம் திட்டம் ஒன்று கொடுத்திருந்தது. சில்லறைக் கடைக்காரர் முந்தின நாள் இரவே போனில் உள்ள செயலியில் ஆர்டர் போட்டுவிடுவார். காலையில் குடோனுக்குப் பட்டியல் போகும், பில் தயாராக இருக்கும். விலை 7 லட்சம். திட்ட அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் பலன் கணக்கு இப்படி இருந்தது: இப்போது ஒருவர் 50 நிமிடம் காத்திருக்கிறார், இனி 15 நிமிடம்தான். மிச்சமாகும் 35 நிமிடத்தை 60 பேரால், 300 நாளால் பெருக்கினால் 10,500 மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்குப் பத்தரை லட்சம். போட்ட பணம் எட்டு மாதத்தில் திரும்பிவிடும்.

முதலாளி அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். நான் கேட்டது ஒன்றுதான்: “அண்ணாச்சி, இந்தப் பத்தரை லட்சம் எந்தக் கல்லாவில் வந்து விழும்?”

“ஆளுங்க காத்துக் கெடக்குறது நெசந்தானே தம்பி?” என்றார்.

நிஜம்தான். ஆனால் அந்த 10,500 மணி நேரம் வாடிக்கையாளருடையது. அதற்காக அவர் நமக்கு ஒரு பைசா கூடுதலாகத் தரப்போவதில்லை. வேகமான சேவை, வாடிக்கையாளர் திருப்தி போன்ற பலன்களைப் பணமாக மாற்றும்போது நடக்கும் முதல் தவறு இதுதான்: மிச்சமான நேரத்தை ஒரு கூலி விகிதத்தால் பெருக்கி, அதையே வருமானம் என்று எழுதிவிடுவது. அந்தக் கடைக்கு நாங்கள் கணக்கை எப்படித் திருப்பிப் போட்டோம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கடைக்காரரின் கணக்கு வெளியே தெரியக் கூடாது என்பதால் எண்களை மாற்றி, முழு எண்களாக்கியிருக்கிறேன். முறை அதேதான்.

படி 1: காத்திருப்பைத் துண்டு துண்டாக அளப்பது

50 நிமிடம் என்பது யாரோ சொன்ன எண். முதலில் அதை அளக்க வேண்டும், அளக்கும்போதே பிரிக்கவும் வேண்டும். வாசலில் ஒரு பையனை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வைத்தோம். 12 வேலை நாள். வந்தவர் உள்ளே நுழைந்த நேரம், ஆர்டர் சொல்லத் தொடங்கிய நேரம், சொல்லி முடித்த நேரம், சரக்கு குடோனிலிருந்து வந்த நேரம், பில் கைக்கு வந்த நேரம், இவ்வளவுதான் குறிப்பு.

வரிசையில் நிற்பது 14 நிமிடம், ஆர்டர் எழுதுவது 12, குடோனில் மூட்டை எடுப்பது 18, பில் போடுவது 6 என்று சராசரி வந்தது. கூட்டினால் 50தான், அந்த நிறுவனம் சொன்னது பொய்யில்லை. ஆனால் 18 நிமிடம் மூட்டை தூக்குகிறவரின் முதுகில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. முந்தின இரவே ஆர்டர் வந்தால்தான் அந்த 18 குறையும். எல்லாரும் இரவே ஆர்டர் போடுவார்களா என்பது தனிக் கேள்வி. எந்தத் துண்டை மென்பொருளின் எந்தப் பகுதி குறைக்கிறது என்று தெரிந்தால் பிறகு திட்டத்தைப் பகுதி பகுதியாக மதிப்பிடலாம். மொத்தமாக 50 என்று எழுதி வைத்தால் அது முடியாது.

எந்த 12 நாள் என்பதும் முக்கியம். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி தேர் மாசி வீதிகளைச் சுற்றி வரும். அந்த வாரத்தில் லோடு வண்டி உள்ளே வரவே வழியிருக்காது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின வாரங்களில் கூட்டம் இரண்டு மடங்கு. இந்த நாட்களில் அளந்த எண்ணை 300 நாளால் பெருக்கினால் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். சாதாரண வாரம் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: கல்லாவுக்கு வரும் வழியைக் கண்டுபிடிப்பது

வேகம் பணமாக மாற எனக்குத் தெரிந்து மூன்றே வழிகள்தான். இப்போது கையை விட்டுப் போகும் வியாபாரம் நிற்கலாம். இப்போது கொடுத்துக்கொண்டிருக்கும் அல்லது இனிமேல் கொடுக்கப்போகிற செலவு நிற்கலாம். வெளியே கிடக்கும் பணம் முன்கூட்டியே கைக்கு வரலாம். ஒவ்வொரு பலனையும் இந்த மூன்றில் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள். சேர்க்க முடியாததைத் தனித் தாளில் வார்த்தையில் எழுதி வையுங்கள், ரூபாய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: திரும்பிப் போனவர்கள்

வாசலில் இருந்த பையனின் நோட்டில் கடைசிப் பத்தி, சரக்கு எடுக்காமல் போனவர்களைப் பற்றியது. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: “10.40, உசிலம்பட்டி, பையை வச்சிட்டுப் போனார். 12.10க்குத் திரும்ப வந்தார்.” அதற்குக் கீழே: “11.05, வாடிப்பட்டி, கூட்டம் பார்த்துட்டுப் போயிட்டார்.” இந்த இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் படி முழுவதும். முதல் ஆள் இழப்பு இல்லை. இரண்டாவது ஆள் இழப்பாக இருக்கலாம்.

12 நாளில் திரும்பிப் போனவர்கள் 36 பேர். அவர்களில் 15 பேர் அன்று மதியமோ மறுநாளோ வந்து வாங்கியிருந்தார்கள். பில் புத்தகத்தில் பெயரைத் தேடிப் பார்த்து அடித்துவிட்டோம். மீதி 21 பேர், அதாவது நாளைக்கு 1.75 பில். இவர்களின் பழைய பில்களைப் பார்த்தால் சராசரி 5,000 இல்லை, 4,000தான். பெரிய பில்காரர்கள் காத்திருக்கிறார்கள், சின்ன பில்காரர்கள்தான் அடுத்த கடைக்குப் போகிறார்கள். கடையின் பொதுச் சராசரியை இங்கே போட்டிருந்தால் கால் பங்கு கூடுதலாகக் காட்டியிருக்கும்.

நாளைக்கு 7,000, வருஷத்துக்கு 21 லட்சம் விற்பனை. வேகம் கூடினால் இவ்வளவும் திரும்பிவிடாது. சிலர் விலைக்காகப் போகிறார்கள், சிலர் கடனுக்காக. பாதி நிற்கும் என்று வைத்துக்கொண்டோம்: பத்தரை லட்சம்.

இந்தப் பத்தரை லட்சம் விற்பனை, லாபம் இல்லை. மளிகை மொத்த வியாபாரத்தில் சரக்கு விலை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் போக இந்தக் கடையில் நிற்பது நூற்றுக்கு 6 ரூபாய். அந்த அளவு கூடுதல் விற்பனைக்காகக் கடை வாடகையோ கரண்டு பில்லோ கூடப்போவதில்லை, அதனால் அவற்றைக் கழிக்க வேண்டாம். ஆக, திரும்பிப் போகிறவர்களைப் பிடித்து வைப்பதில் கிடைப்பது வருஷத்துக்கு 63,000 ரூபாய். முதலாளி அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் தினமும் கண்ணால் பார்க்கிற கூட்டம் அவ்வளவு பெரியது, அதன் ரூபாய் மதிப்பு இவ்வளவு சின்னது.

அடியோடு கடையை விட்டே போனவர்களை மறக்கக் கூடாது, அவர்கள் வாசல் நோட்டில் வரமாட்டார்கள். பேரேட்டில் போன வருஷம் மாதாமாதம் வாங்கி, கடந்த ஆறு மாதமாக வாங்காதவர்களைத் தேடினோம். ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டதில் காத்திருப்பைக் காரணமாகச் சொன்னவர் ஒருவர்தான். அவர் மாதம் 8,000 ரூபாய்க்கு வாங்கியவர். வருஷத்துக்கு 5,760 ரூபாய் லாபம். கணக்கில் சேர்க்கவில்லை. உங்கள் தொழிலில் இந்த எண் பெரியதாக இருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சிலர் போவதால் அது ஏறிக்கொண்டே போகும் இனம், அதனால் கட்டாயம் தேடிப் பாருங்கள்.

படி 4: ஆள் நேரம்

மென்பொருள் வந்தால் மூன்று கணக்கர்களுக்கும் சேர்த்து நாளைக்கு நாலு மணி நேரம் மிச்சமாகும். ஆனால் மாதச் சம்பளக்காரரின் நேரம் மிச்சமானால் சம்பளம் குறையாது. அந்த நாலு மணி நேரத்தில் அவர் வேறு உருப்படியான வேலை செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். அது பணம் இல்லை.

பணமாக இருந்தது இரண்டு இடத்தில். இரண்டு பேர் இரவு ஒன்பதரை வரை இருந்து பில்லைக் கணக்கில் ஏற்றுகிறார்கள், அதற்கு ஆளுக்கு 200 ரூபாய் கொடுக்கப்படுகிறது. வருஷத்துக்கு 1,20,000. அடுத்தது, வேலை தாங்கவில்லை என்று அடுத்த ஏப்ரலில் வரச் சொல்லி மேலூரில் ஒரு பையனிடம் முதலாளி ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். மாதம் 15,000 சம்பளம், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், ஆக வருஷத்துக்கு 1,95,000. மென்பொருள் வந்தால் அந்த ஆள் வேண்டாம்.

இரண்டையும் கூட்டி 3,15,000 என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது. புது ஆள் வந்துவிட்டால் இரவு வேலை நின்றுவிடும், அதற்காகத்தானே ஆள் எடுப்பதே. திட்டம் இல்லாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள்: முதல் வருஷம் இரவுக்கூலி 1,20,000 போயிருக்கும், இரண்டாம் வருஷம் முதல் அது நின்று சம்பளம் 1,95,000 போயிருக்கும். மிச்சமும் அதே வரிசையில்தான்: முதல் வருஷம் ஒன்று, பிறகு மற்றொன்று. ஒரே வேலையின் பளுவை இரண்டு பெயரில் இரண்டு முறை எண்ணுவது நான் பார்த்த திட்ட அறிக்கைகளில் மிக அதிகம் வருகிற பிழை.

படி 5: தவறிப் போன சரக்கும் பாக்கியும்

தவறான சரக்கு போய்த் திரும்பி வருவது வாரத்துக்கு நாலு தடவை. ஒவ்வொன்றுக்கும் லோடு ஆட்டோ 350 ரூபாய். ஐம்பது வாரத்துக்கு 70,000. கையெழுத்துப் புரியாமல் வருகிற தவறுகள் பத்தில் ஆறு, அவை நிற்கும். 42,000.

பாக்கி விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. விற்பனையில் 60 சதவீதம் கடனுக்கு, அதாவது 5.4 கோடி. இப்போது பில் கணக்கில் ஏற இரண்டு நாள் ஆகிறது, தவணை நாளும் அதிலிருந்தே எண்ணப்படுகிறது. பில் அன்றே ஏறினால் பணம் இரண்டு நாள் முன்னால் வரும். 5.4 கோடியை 365ஆல் வகுத்து இரண்டால் பெருக்கினால் சுமார் 2,96,000 ரூபாய் வெளியே கிடக்காமல் உள்ளே வருகிறது.

இந்த 2,96,000 லாபம் இல்லை. அது நம் பணம்தான், இரண்டு நாள் முன்னால் வருகிறது. அதன் பலன் வட்டி. கடை வங்கியில் ஓவர்டிராப்டில் ஓடுகிறது, 12 சதவீதம். ஆக வருஷத்துக்கு 35,500. வேறு விதமாகவும் எழுதலாம்: தொடக்கத்தில் 2,96,000 வரவு, ஐந்தாம் வருஷக் கடைசியில் அதே தொகை செலவு. பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதமும் அதே 12 ஆக இருந்தால் இரண்டு முறையும் ஒரே விடைதான் தரும். இரண்டில் ஒன்றை எடுங்கள். தொகையையும் எழுதி வட்டியையும் எழுதினால் இரட்டைக் கணக்கு. தொகையை எழுதிவிட்டுக் கடைசியில் திருப்பிக் கழிக்காமல் விட்டால் அதுவும் பொய்க் கணக்கு.

படி 6: செலவை முழுதாக எழுதுவது

விலைப்பட்டியலில் மென்பொருள் நாலரை லட்சம், கருவிகள் ஒன்றரை லட்சம். மீதி ஒரு லட்சம் சரக்குப் பட்டியலைச் சுத்தம் செய்யவும், ஆட்களைப் பழக்கவும், பழைய முறையையும் புதிய முறையையும் சில வாரம் சேர்த்து ஓட்டவும். இந்தக் கடைசி இனத்தைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். பழைய கணக்கில் ஒரே துவரம் பருப்பு “து.பருப்பு 50”, “துவரை 50 கி”, “பருப்பு து. பெரிய மூட்டை” என்று மூன்று பெயரில் இருந்தது. இதை ஒன்றாக்காமல் எந்த மென்பொருளும் சரியான இருப்பைக் காட்டாது, ஒன்றாக்க ஆள் உட்கார வேண்டும். ஆண்டுச் சந்தா, பராமரிப்பு, இணையம் சேர்த்து வருஷத்துக்கு 1,20,000.

ஜிஎஸ்டி 18 சதவீதத்தை நாங்கள் சேர்க்கவில்லை, கடைக்கு அது உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அது கிடைக்காது, அவர் அதையும் செலவில் எழுத வேண்டும். வருமான வரியில் தேய்மானச் சலுகை உண்டு, அதை ஆடிட்டரிடம் விட்டுவிட்டு இந்தக் கணக்கை வரிக்கு முந்தியதாகவே வைத்தோம்.

படி 7: வருஷவாரியாக அடுக்குவது

முதல் வருஷம் எல்லாப் பலனும் பாதிதான் என்று வைத்தோம். பாதி வருஷம் பழகுவதிலேயே போகும். இரண்டு முறையும் சேர்ந்து ஓடும் மாதங்களில் இரவு வேலை குறையாது, கூடவே செய்யும். ஆக முதல் வருஷம் பலன் 1,30,250, ஓட்டச் செலவு 1,20,000, நிகரம் 10,250. இரண்டாம் வருஷம் முதல் 63,000, 1,95,000, 42,000, 35,500 எல்லாம் கூடி 3,35,500. ஓட்டச் செலவு போக 2,15,500. ஐந்து வருஷத்துக்கு மேல் இந்த மாதிரி மென்பொருளுக்கு ஆயுள் வைக்க நான் துணியமாட்டேன்.

பின்னால் வரும் ஒவ்வொரு வருஷப் பணத்தையும் 12 சதவீத வட்டிக்கு ஏற்பக் குறைத்து இன்றைய மதிப்பாக்கி, அதிலிருந்து இன்றைய செலவைக் கழித்தால் வருவது நிகர இன்றைய மதிப்பு. எக்செல்லில் அதற்கு NPV. B9 இன்றைய செலவு, C9 முதல் G9 வரை ஐந்து வருஷ நிகரம்:

```
=NPV(12%,C9:G9)+B9
```

B9 குறை எண்ணாக, அடைப்புக்கு வெளியே இருக்க வேண்டும். இன்றைய செலவை உள்ளே போட்டால் அது ஒரு வருஷம் கழித்துச் செய்வதாக எக்செல் எடுத்துக்கொள்ளும். அதைவிட மோசமான பொறி வெற்றுக் கட்டம். ஒரு வருஷம் நிகரம் எதுவும் இல்லை என்று கட்டத்தைக் காலியாக விட்டால், NPV அதைத் தாண்டி அடுத்த வருஷப் பணத்தை ஒரு வருஷம் முன்னால் இழுத்துவிடும். காலியாக விடாமல் 0 என்று எழுதுங்கள்.

விடை: சுமார் 1,06,000 ரூபாய் நஷ்டம். எட்டு மாதத்தில் போட்டது திரும்பும் என்ற திட்டம், ஐந்து வருஷத்திலும் வட்டியோடு திரும்பவில்லை.

படி 8: கணக்கைத் தலைகீழாகக் கேட்பது

பாதிப் பேர் நிற்பார்கள் என்பது நம் ஊகம். ஊகம் சரியா என்று வாதாடுவதில் பயனில்லை. எத்தனை பேர் நின்றால் நஷ்டம் இல்லாமல் தப்பலாம் என்று கேட்டால் பேச ஒரு பிடி கிடைக்கும். வருஷத்துக்கு இன்னும் சுமார் 33,700 ரூபாய் லாபம் வேண்டும். 6 சதவீதத்தில் அது 5.6 லட்சம் விற்பனை, நாளைக்கு அரை பில்லுக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்கெனவே எண்ணிய 0.875 பில்லோடு சேர்த்தால் போகிற 1.75இல் 1.34 நிற்க வேண்டும். நாலு பேரில் மூன்று பேர். கடையில் பத்து வருஷமாக நிற்கிற கணக்கப்பிள்ளையிடம் கேட்டோம். “ரெண்டு பேர் நிப்பாங்க முதலாளி, மூணாவது ஆள் வெலைக்குப் போறவன்” என்றார்.

படி 9: திட்டத்தை உடைத்துப் பார்ப்பது

முதல் படியில் பிரித்து அளந்தது இங்கே கைகொடுத்தது. செயலியை ஒதுக்கிவிட்டு, கல்லாவில் பில் போடுவதும் இருப்புக் கணக்கும் மட்டும் என்றால் மொத்தச் செலவு 3,80,000, வருஷ ஓட்டம் 70,000. புது ஆள் வேண்டாம் என்ற பலனும் பாக்கிப் பலனும் முழுதாகக் கிடைக்கும். தவறிய சரக்கில் எழுதிய 42,000இல் பாதி கிடைக்கும். திரும்பிப் போகிறவர்களுக்கு நான் ஒன்றுமே எழுதவில்லை, மூட்டை எடுக்கும் 18 நிமிடம் அப்படியே இருக்கிறதே. முதல் வருஷம் நிகரம் 18,250, பிறகு 1,81,500. நிகர இன்றைய மதிப்பு சுமார் 1,28,500 லாபம்.

செயலிக்கு மட்டும் தனியாக 3,20,000, வருஷம் 50,000. அது பிழைக்க வேண்டுமானால் முதல் நாளிலிருந்தே தினம் 1.6 பில்லுக்கு மேல் நிற்க வேண்டும். போவதே மொத்தம் 1.75. ‘வேகமான சேவை’ என்று அட்டையில் அச்சடித்த பகுதிதான் இங்கே பணம் தராத பகுதி. யாரும் பேசாத பில் கணக்குப் பகுதிதான் தருகிறது. 6 சதவீதம் நிற்கும் வியாபாரம் என்பதால் இப்படி. இருபது சதவீதம் நிற்கும் துணிக்கடையில் இதே நோட்டுப் புத்தகம் வேறு விடை சொல்லும்.

இந்த 1,28,500ம் ஒரே ஒரு தூணில் நிற்கிறது என்பதையும் முதலாளியிடம் காட்டினேன். மேலூர்ப் பையனை எடுக்கப் போவதே இல்லை, சும்மா பேச்சு என்றால், மிச்சம் 1,95,000 இல்லை, பழைய இரவுக்கூலி 1,20,000 மட்டும்தான். அப்போது அதே திட்டம் சுமார் 75,000 நஷ்டம். மென்பொருளும் வாங்கி, சொந்தக்காரர் கேட்டார் என்று அந்த ஆளையும் எடுத்துவிட்டால் அதைவிடப் பெரிய நஷ்டம்.

அவர் போனை எடுத்து, மேலூருக்கு என் முன்னாலேயே பேசினார். ஏப்ரலில் வர வேண்டாம் என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் 1,95,000 என்ற எண்ணை நான் பென்சிலை விட்டுப் பேனாவில் எழுதினேன்.

வாங்கிய பிறகு

ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுதினோம். இரவுக்கூலி ஆறாம் மாதம் நிற்க வேண்டும், பொறுப்பு கணக்கப்பிள்ளை. பாக்கி நாள் ஒவ்வொரு மாத முடிவிலும் பேரேட்டிலிருந்து எடுக்க வேண்டும், பொறுப்பு முதலாளியின் மகள். வாசல் நோட்டு அப்படியே தொடர்கிறது, மாதத்தில் ஒரு வாரம் மட்டும். திரும்பிப் போகிறவர்கள் நாளைக்கு மூன்று பில்லைத் தாண்டி, அவர்கள் மறுநாளும் வரவில்லை என்று அந்த நோட்டு காட்டினால் செயலிக்கான தாளை மறுபடி எடுப்பதாக முடிவு. அதுவரை அந்த 3,20,000 ஓவர்டிராப்டைக் குறைத்துக்கொண்டு வங்கியிலேயே இருக்கிறது.